சொல்றவரு என்ன நினைக்கிறாரு

எம் பொண்டாட்டி நர்சு. நான் லோடு வண்டிக்காரன். அஞ்சல் வழியில இங்கிலீஷ் பி.ஏ. முடிச்சவன்ங்கிற விசயம் வண்டிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா திருச்சுழி மேட்டுல கொஞ்சம் மரியாதையா ஏறியிருக்கும். ஊருக்குத் தெரியும். பாங்கியில இருந்து தாள் வந்தா வாசிச்சுச் சொல்லச் சொல்லி எங்கிட்டதான் வருவாக. வாசிச்சுச் சொல்லிட்டு, வத்தல் மூட்டைய ஏத்திக்கிட்டுப் போயிருவேன். என் படிப்புக்கு வேற வேலை வந்ததில்லை, அவ பரிச்சை எழுதுற வரைக்கும்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போற நர்சுகளுக்குன்னே ஒரு இங்கிலீஷ் பரிச்சை இருக்கு. வாசிக்கிறது, எழுதுறது, பேசுறது, கேக்குறதுன்னு நாலு பங்கு. முத தடவை எழுதுனப்ப மூணு பங்குல தேறிட்டா. கேக்குறதுல விழுந்துட்டா. இங்கிலாந்துல அவளை எடுத்துக்கிறதாச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரவுக, இன்னொரு தடவை பாப்போம், அதுலயும் வரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு தன்மையா எழுதியிருந்தாக. அந்தத் தன்மையைப் பாத்து நான் பரவால்லையேன்னேன். அவ, "இதுல பரவால்லன்னு எந்த வரியில இருக்கு?"ன்னு கேட்டா.

அவ ஏன் போகணும்னு நினைச்சாங்கிறதையும் சொல்லிரணும். பணம்னு ஊருல சொன்னாக. அவ அப்படிச் சொல்லலை. அருப்புக்கோட்டையில அவ வேலை பாத்த ஆஸ்பத்திரியில ஒரு மாடி முழுக்க ஒத்த ஆளா ஓடுவா. ஒரு பெரியவருக்கு மூச்சு ஒரு மாதிரி மாறுறதைக் கவனிச்சு, டாக்டருக்குப் போன் போட்டு, அவரு எடுக்குறதுக்குள்ள அடுத்த அறையில மணி அடிச்சிரும். "நான் படிச்ச வேலைய ஒரு தடவை படிச்ச மாதிரி செஞ்சு பாக்கணும்"னு சொன்னா. வயசு நாப்பதத் தாண்டியாச்சு. மக மதுரையில ஹாஸ்டல்ல படிக்கிறா. இப்ப விட்டா இனி இல்லைன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவ எதுல விழுந்தாங்கிறதைத் தேடிப் பாத்தோம். நோயாளி சொல்றதைக் கேட்டுக் குறிப்பு எழுதுற பங்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மருந்து பேரு, எத்தனை நாளா வலி, எந்தக் காலு, எல்லாம் சரியா எழுதிருவா. விழுந்தது கடைசிப் பங்குல. ஒரு டாக்டரோ, உடம்பு பிடிச்சு நடக்கப் பழக்குறவரோ ஏதோ ஒரு விசயத்தைப் பத்தி நீளமாப் பேசுவாரு. கேள்வி ஒவ்வொண்ணுக்கும் மூணு விடை போட்டிருக்கும். ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும். முதல்ல கேள்வியை வாசிக்கக் கொஞ்சம் நேரம் குடுப்பாக. அப்பறம் பேச்சு ஓடும். ஒரே தடவைதான். திருப்பிப் போட மாட்டாக.

அதுல பாதிக் கேள்வி, அவரு என்ன சொன்னாருன்னு கேக்காது. சொல்றவரு என்ன நினைக்கிறாருன்னு கேக்கும். சந்தேகப்படுறாரா, சந்தோசப்படுறாரா, அரை மனசா ஒத்துக்கிறாரா. இன்னொரு இடத்துல ரெண்டு பேரு வார்டுல பேசிக்கிறதைப் போட்டு, ரெண்டு பேரும் எதுல ஒத்துப் போறாகன்னு கேப்பாக.

எங்கூர்ல அப்படிக் கேட்டா யாரும் தேற மாட்டோம். எங்க பக்கம் ஒருத்தரு பேசுறப்ப எதுத்தாப்புல இருக்கிறவரு ம், ம்முனு சொல்லிக்கிட்டே இருப்பாரு. காது இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். எங்க அண்ணன்ட்ட, இவ வெளிநாடு போறதா இருக்கான்னு முத முதல்ல சொன்னப்ப முழுசும் ம் போட்டுக் கேட்டாரு. கடைசியில, "சரிப்பா, படிச்சவுக யோசிச்சுத்தான் செய்வீக"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. நான் வீட்டுக்கு வந்து, அண்ணன் சரின்னுட்டாருன்னேன். "அவுக துண்டை உதறுனாகளா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "அப்ப வேண்டாம்ங்கிறாக"ன்னுட்டு அடுப்புப் பக்கம் போயிட்டா. இப்படி எங்க வம்சத்துல ஒவ்வொருத்தரு துண்டுக்கும் அர்த்தம் தெரிஞ்சவ, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரரு குரலுக்கு மட்டும் தடுமாறுனா.

பயிற்சிக்கு மதுரையில ஒரு மேடம் போன் வழியா வகுப்பு எடுத்தாக. அவுக குடுத்த ஒலிப்பதிவெல்லாம் கொஞ்ச நாள்ல கேட்டு முடிச்சிட்டா. ஒரு தடவை கேட்டாச்சுன்னா விடை தெரிஞ்சு போகும், அப்பறம் அதை வச்சுப் பழக முடியாது. ஆனா மேடம் அனுப்புன ஒரு கட்டுல கேக்காத பேச்செல்லாம் அச்சுல இருந்துச்சு. பேச்சு முழுசும் எழுத்தா, விடை கடைசிப் பக்கத்துல, கேள்வி தனித் தாள்ல. ஒலி மட்டும் இல்லை. யாராவது வாசிச்சாத் தேவலைன்னா. பி.ஏ. படிச்ச வண்டிக்காரன் கையத் தூக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமைகள்ல அவளுக்கு டூட்டி இல்லைன்னா வண்டியில கூடவே வருவா. வீரசோழன்ல ஒரு மொத்தக் கடைக்குச் சரக்கு எறக்கணும். ஆளுக மூட்டைய எறக்குற வரைக்கும் நாங்க வண்டிக்குள்ள உக்காந்திருப்போம். நான் ஸ்டியரிங் மேல தாளை வச்சு வாசிப்பேன். அவ பக்கத்துல கேள்வித்தாளை மடியில வச்சுக் கேப்பா.

நான் சும்மா வாசிக்கிற ஆளு இல்லையே. டாக்டருக்கு ஒரு குரலு, கிழவிக்கு ஒரு குரலு, நர்சம்மாவுக்கு ஒரு குரலு. எறக்குற ஆளுக வேலைய விட்டுட்டு எட்டிப் பாத்தாக. ஒருத்தரு, "அண்ணே, வண்டிக்குள்ள யாரு சண்டை?"ன்னு கேட்டாரு. லண்டன்ல ஒரு கேசுன்னேன்.

ஒண்ணு நல்லா நினைவுல இருக்கு. அறுவை முடிஞ்ச மறுநாளே நோயாளிய எழுப்பி நடக்க வைக்கிற திட்டத்தைப் பத்தி ஒருத்தரு பேசுறாரு. வேலைப் பளு கூடிப் போகும்னு கூட வேலை பாக்குறவுக சொன்னதுல நியாயம் இருந்துச்சு, எனக்கும் முதல்ல இது வேண்டாத வேலையாப் பட்டுச்சு, ஆனா நடந்து போறவுக முகத்தைப் பாத்தப்பறம் பழையபடி செய்ய மனசு வரலைங்கிறாரு. கேள்வி, இப்ப அவரு என்ன நினைக்கிறாருன்னு. விடை மூணு. வேலைப் பளுவைப் பத்திக் கவலைப்படுறாரு. கூட இருக்கிறவுக ஒத்துக்கிட்டதுல ஆச்சரியப்படுறாரு. முதல்ல இருந்த தயக்கம் போயி நம்பிக்கை வந்திருச்சு.

வேலைப் பளுங்கிற வார்த்தை பேச்சுல அப்படியே வரும். கூட வேலை பாக்குறவுகளும் வருவாக. தயக்கம்ங்கிற வார்த்தையும் நம்பிக்கைங்கிற வார்த்தையும் பேச்சுல எங்கயுமே வராது. வர்ற வார்த்தைய விடையில பாத்ததும் அதைப் பிடிச்சுக்கிட்டா மாட்டிக்கிட்டோம். அதுதான் அந்தப் பரிச்சையோட பொறி. மேடம் அதை அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தாக.

அவ மூணாவதைத் தொட்டா. சரி. அடுத்ததும் சரி. அந்த ஞாயிறு அத்தனையும் சரி. அடுத்த ஞாயிறும் அப்படியே. என்னால நம்ப முடியலை. எனக்குள்ள ஒரு ஆசிரியரு இத்தனை வருசமா வத்தல் மூட்டைக்கடியில நசுங்கிக் கெடந்திருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். பரளச்சிக்கு லோடு போனா அங்க ஒரு டீக்கடையில இதைச் சொல்லிச் சொல்லிக் கேக்குறவுக காதைத் தேய்ச்சேன். குமாரலிங்கபுரத்துல மில்லு வந்தா எடம் விலை ஏறும்னு பேசிக்கிட்டு இருந்தவுககிட்ட, என் வாசிப்பு விலை ஏறிருச்சுன்னேன். யாரும் சிரிக்கலை.

பரிச்சைக்குக் கொஞ்ச நாளு இருக்கிறப்ப மேடம் ஒரு முழு மாதிரிப் பரிச்சை வச்சாக. புது ஒலிப்பதிவு. வீட்டுல காதுல மாட்டிக்கிட்டு எழுதுனா. நான் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். முடிஞ்சு எந்திரிச்சு வந்தவ முகத்துல ரத்தம் இல்லை. பாதிக்கு மேல தப்பு. எல்லாம் அந்தக் கேள்வி. சொல்றவரு என்ன நினைக்கிறாரு, எதுல ஒத்துப் போறாக.

மேடம் போன்ல வருத்தப்பட்டாக. கட்டுல இருந்ததை எல்லாம் சரியாப் போட்டீங்களே, விடையை முன்னாடியே பாத்துட்டீங்களாம்மான்னு மெதுவாக் கேட்டாக. இவ போனை வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா. பொய் சொன்னதா ஒருத்தர் நினைச்சிட்டாகங்கிறது, தேறலைங்கிறதை விடப் பெருசா வலிச்சிருக்கு. நான் என் வழக்கப்படி ஒண்ணு சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு என்னைய மாதிரி வாசிக்கத் தெரியலை தாயி, அவன் மேல கேசு போடுவோம்னேன். அவ என்னையப் பாத்தா. அந்தப் பார்வை இன்னும் எனக்குப் பழகலை.

மறுநாளு சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்தவ, மேடம்ட்ட கேட்டு வாங்குன ஒரு புதுத் தாளைக் குடுத்து வாசிக்கச் சொன்னா. பேச்சு மட்டும்தான் இருந்துச்சு. கேள்வி அவகிட்ட. நான் வாசிச்சேன். ரெண்டு நர்சுக பேசிக்கிறாக. ராத்திரி நோயாளிய எழுப்பி எழுப்பிச் சோதிக்கிறதை நிறுத்தணும்ங்கிறா ஒருத்தி. இன்னொருத்தி, நீ சொல்றது புரியுதுங்கிறா, வார்டுல சத்தம் கூடிப் போச்சு, அதைக் குறைச்சே ஆகணும்ங்கிறா, ஆனா எல்லாருக்கும் ஒண்ணு போல நிறுத்துனா ஆபத்துங்கிறா. எனக்கு எது முக்கியம்னு தெரியலை. குரலு மாத்துறதுக்கும் தோணலை. ஒரே சீரா வாசிச்சு முடிச்சேன்.

அவ பேனாவை எடுக்கவே இல்லை.

"நான் என்ன தப்பா வாசிச்சேன்?"னு கேட்டேன்.

"தப்பா வாசிக்கலை"ன்னா. முத நாள் ராத்திரி பிரிச்சுப் பாத்து வச்சிருந்த பழைய கட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி விரிச்சா. அப்பத்தான் எனக்கும் புரிஞ்சுச்சு. விடை இருக்கிற வரியெல்லாம் அந்தக் கட்டுல தடிச்ச எழுத்துல அச்சடிச்சிருந்துச்சு. ஆசிரியருகளுக்கான கட்டு. மேடம் அவசரத்துல அதை அனுப்பியிருக்காக. இவ அதைத் திறந்து பாக்காம நேரா எங்கிட்ட குடுத்திருக்கா. நான் இத்தனை நாளும் தடிச்ச எழுத்தைப் பாத்துக்கிட்டே வாசிச்சிருக்கேன். அச்சடிச்சவனுக்கு மை தாராளம் போலன்னு நினைச்சேனே ஒழிய, வேற ஒண்ணும் தோணலை.

"நீங்க மத்ததையெல்லாம் விளையாட்டாத்தான் வாசிப்பீக"ன்னா. "குரலை மாத்தி, கையை ஆட்டி. தடிச்ச எழுத்து வந்ததும் விளையாட்டு நின்னு போகும். கொஞ்சம் மெதுவாகும். மூக்கைத் தொடுவீக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதைத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்கேன், எது சோக்கு, எது நெசம்னு. இங்கிலீஷை நான் கேக்கவே இல்லை. உங்களைத்தான் கேட்டிருக்கேன்."

வெளியில யாரோ தண்ணி லாரி வந்திருச்சுன்னு கத்துனாக. அவ கொடத்தை எடுக்கப் போகலை, நானும் போகலை. எங்க வீட்டுல தண்ணி லாரியை விட்டது அந்த ஒரு நாளுதான்.

அவளே மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னா. மேடம் கட்டை மாத்தி அனுப்பிட்டதை ஒத்துக்கிட்டாக. சந்தேகப்பட்டதுக்கும் வருத்தப்பட்டாக. அப்பறம் கேட்டாகளாம், உங்க வீட்டுக்காரரு வாசிக்கிறதை நிறுத்திட்டாரா? நிறுத்திட்டாருன்னு இவ சொன்னா. நல்லதுன்னாகளாம். அந்த நல்லதுல என்ன அபிப்பிராயம் இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு விடை தேவைப்படலை.

அதுக்கப்பறம் வேற மாதிரி பழகுனா. வெளிநாட்டு டாக்டருக, நர்சுக பேட்டி குடுக்குற பதிவுகளை மேடம் தேடித் தேடிக் கேள்வியும் போட்டு அனுப்பினாக. விடை மூணையும் மடிச்சு மறைச்சிட்டு, கேள்வியை மட்டும் வாசிச்சிட்டுக் கேப்பா. முடிஞ்சதும், சொன்னவரு என்ன நினைக்கிறாருன்னு தன் வார்த்தையில ஒரு வரி எழுதுவா. எழுதுன பின்னாடிதான் விடைகளைத் திறப்பா. எது தன்னோட வரிக்குக் கிட்ட வருதோ அதைத் தொடுவா. பேச்சுல ‘ஆனா’, ‘இருந்தாலும்’, ‘உண்மையில பாத்தா’ங்கிற மாதிரி வார்த்தை வந்தா விரலை மடக்குவா. முன்னாடி சொன்னது அங்க திரும்புது, நெசமான எண்ணம் இனிமேதான் வரும்னு ஒரு அடையாளம். அது வராமலும் சிலரு திரும்புவாக. ஒரு பெருமூச்சுல, ஒரு வார்த்தைய இழுக்குறதுல. அதுதான் அவளைப் பயமுறுத்துனுச்சு.

நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன், வாயைத் திறக்கக்கூடாதுங்கிற நிபந்தனையோட. எனக்குத் தேறலை. பேசுற எல்லாரும் கிண்டல் பண்றாகன்னே எனக்குப் பட்டுச்சு. ஒரு குழந்தை டாக்டரு தடுப்பூசி போடுறதைப் பத்தி மனசு உருகிப் பேசுனாரு. நான் அவரு நக்கல் அடிக்கிறாருன்னு எழுதுனேன். "உங்களை மாதிரியே எல்லாரையும் நினைக்காதீக"ன்னா. சிரிக்காமத்தான் சொன்னா. அதை நான் அப்படியே விழுங்கிக்கிட்டேன். அம்பது வயசுக்குப் பக்கத்துல ஒருத்தனுக்கு வர்ற சேதி இல்லை அது, ஆனா வந்திருச்சு.

பரிச்சை மதுரையில. விடிஞ்சதும் வண்டியை எடுத்தோம். லோடு இல்லாத வண்டி குலுங்கும்ங்கிறதால மெதுவாத்தான் ஓட்டுனேன். ரெண்டு பக்கமும் கருவேல மரம், அங்கங்க உழுது போட்டு மழைக்குக் காத்துக்கிட்டிருக்கிற கரிசக்காடு. அவ எதையும் படிக்கலை. கையை மடியில வச்சிட்டு வந்தா. கொண்டுபோன இட்லியையும் தொடலை.

பரிச்சைக் கட்டடத்துக்கு எதுத்தாப்புல நிறுத்துனேன். அவ எறங்கலை.

"ஒண்ணு கேக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடியே கேக்கணும்"னா. "நான் இதுல தேறணும்னு நீங்க நினைக்கிறீகளா?"

எனக்கு வாயில வந்தது என்னமோ, நீ போனா டீவி ரிமோட்டு எனக்குத்தான்ங்கிறதுதான். இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை அப்படித்தான் சொல்லியிருக்கேன். போ, போ, நிம்மதியா இருப்பேன்னு சொல்லியிருக்கேன். அவ போறதைப் பத்தி அவகிட்ட நான் ஒரு வார்த்தைகூட விளையாட்டில்லாமச் சொன்னதில்லைங்கிறது அந்த நேரத்துலதான் உறைச்சுச்சு. அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. இத்தனை வருசமா விடை தேடுன மூஞ்சி.

"நீ தேறணும்"னேன். "நெசமாத்தான் சொல்றேன். நீ அந்த மாடியில ஓடுறதைப் பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப் போச்சு. ஆனா நீ இல்லாத வீட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ள போறதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு நான் சம்மதிக்கலை. சம்மதிக்காமத்தான் உன்னைய அனுப்புவேன்."

சொல்லி முடிச்சப்ப என் கை மூக்குல இருந்துச்சு.

அவ என் கையைப் பாத்தா. அப்பறம், "அது போதும்"னா. கதவைத் திறந்து எறங்குனா. பைக்குள்ள பாஸ்போர்ட்டு இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, வாசலைப் பாத்து நடந்தா. திரும்பிப் பாக்கலை. நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு நானே சாப்பிட்டேன். அழுகை வந்துச்சு. சட்னி காரம்னு பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர்ட்டச் சொல்லி வச்சேன்.

மத்தியானம் வெளியில வந்தவ, எப்படின்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னா. கடைசிப் பேச்சுல ஒரு பொம்பளை டாக்டராம். சாகக் கிடக்குறவுகளை வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறதைப் பத்திப் பேசுனாகளாம். அதை ஆதரிச்சுத்தான் எல்லா வார்த்தையும் வந்துச்சாம். ஆனா வீட்டு ஆளுகளைப் பத்திச் சொல்றப்ப மட்டும் குரலு தேஞ்சுச்சாம். அவுகளுக்கு இதைத் தாங்குற பலம் இருக்கான்னு அந்தம்மா கவலைப்படுறாகன்னு இவ தொட்டிருக்கா. "சரியா இருக்கும்"னா. "அப்படிப் பேசுறவுகளை எனக்குத் தெரியும்."

முடிவு வர்றதுக்குச் சில வாரம் ஆச்சு. வந்த அன்னிக்கு நான் வீரசோழன்ல சரக்கு எறக்கிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சா. தேறிட்டேன், நாலுலயும்னா. ஆஸ்பத்திரி மாடியில நின்னு பேசுறான்னு தெரிஞ்சுச்சு. பின்னாடி எங்கயோ நோயாளி ஒருத்தரு மணியை அடிச்சுக்கிட்டே இருந்தாரு.

"சந்தோசம்"னேன்.

அந்த ஒத்த வார்த்தையை அவ கொஞ்ச நேரம் காதுல வச்சிருந்தா. சோக்கு எதுவும் பின்னாடி வராதுங்கிறதை உறுதி பண்ணிக்கிட்டான்னு நினைக்கிறேன். "சரி, வச்சிர்றேன். மணி அடிக்குது"ன்னு ஓடிட்டா. நான் போனைப் பையில போட்டுட்டு, அடுத்த மூட்டைக்குத் தோளைக் குடுத்தேன்.